வெங்காயமா, தயிரா? ஐ.பி.எஸ். வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, உணவுக் குறிப்பேடு எழுதத் தொடங்கிய சேலம், ஏற்காடு வாசகர்கள் கேட்டவை இவை. சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே நொதித்து வாயுவாகும் சில வகைச் சர்க்கரைகளுக்குத்தான் ஃபாட்மேப் என்று பெயர். அவற்றைக் கொஞ்ச காலம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் இந்த முறையை வகுத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர்.

ஒரு மாதமாகக் குறிப்பேடு எழுதுகிறேன். மதியம் தயிர் சாதம் சாப்பிட்டால் அரை மணியில் வயிறு உப்பி, கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. தயிரை விட்டுப் பார்த்தேன், அப்படியும் சரியாகவில்லையே? (41 வயதுப் பெண், அம்மாபேட்டை)

நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். செவ்வாய் மதியம் 1.30க்குத் தயிர் சாதம், 2 மணிக்கு உப்பல், அவசரம் என்று இருக்கிறது. தயிர் மேல் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் எதைச் சாப்பிட்டாலும் சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசையத் தொடங்கும், ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அந்த அசைவு கூடுதலாக இருக்கும். அரை மணியில் வரும் அவசரத்துக்குப் பெரும்பாலும் அந்த அசைவுதான் காரணம். வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற ஃபாட்மேப் பெருங்குடலை அடைந்து வாயுவாகப் பல மணி நேரம் ஆகும், மறுநாள் வரைகூடத் தொல்லை தரும்.

அதனால் முந்தின நாள் மாலைக்குப் போனேன். திங்கள் 6 மணிக்கு ஒரு தட்டுவடை செட், இரவு 9 மணிக்குச் சப்பாத்தி, வெங்காயக் குருமா. செட்டில் நறுக்கிய வெங்காயம், பூண்டு போட்ட காரச் சட்னி, பீட்ரூட் துருவல் எல்லாம் இருக்கின்றன. இரவுச் சப்பாத்தியும் குருமாவும் அதன் மேல் சேர்ந்துகொண்டன. உங்கள் பக்கங்களில் மோசமான நாள் மூன்று. மூன்றுக்கும் முந்தின மாலை செட்டோ குருமாவோ இருக்கிறது. வியாழனும் வெள்ளியும் அதே தயிர் சாதத்தைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள், "ஒன்றுமில்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு நாளுக்கும் முந்தின இரவு வெங்காயம் சேராத இட்லி, தோசை. ஆகவே தயிரை விட வெங்காயம், பூண்டு, கோதுமை மேல்தான் எனக்குச் சந்தேகம். மூன்றில் எது என்று குறிப்பேடு சொல்லாது, சோதித்துத்தான் தெரியும்.

எழுதும் முறையில் ஒரு திருத்தம். சாப்பாட்டுக்கு ஒரு பத்தி, தொல்லைக்குத் தனிப் பத்தி, இரண்டுக்கும் தனித்தனி நேரம் என்று போடுங்கள். ஒரே வரியில் எழுதினால் கடைசியாகச் சாப்பிட்டது மேலேயே பழி விழும். "சாம்பார்" என்று மட்டும் எழுதாமல் "சாம்பார் 2 கரண்டி, சின்ன வெங்காயம் 6" என்று எழுதுங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண், மலம் கெட்டியா, இயல்பா, தண்ணீராகவா, தூக்கம் எப்படி, மாதவிடாய் நாளா என்பதும் வேண்டும். சாப்பாட்டில் எந்த மாற்றமும் செய்யாமல் முதலில் ஒன்றிரண்டு வாரம் எழுதுவது அவசியம். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை.

வெங்காயம், பூண்டு இல்லாமல் எப்படிச் சமைப்பது? சின்ன வெங்காயம் மட்டும் சேர்க்கலாமா?

சின்ன வெங்காயத்திலும் ஃபிரக்டான் நிறைய உண்டு, விலக்கும் காலத்தில் அதுவும் வேண்டாம். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் போடலாம். பூண்டு மணம் வேண்டுமென்றால் பல்லைச் சூடான எண்ணெயில் வதக்கி, எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். ரசத்தில் பூண்டைக் கொதிக்கவிட்டு அப்புறம் எடுத்துப்போடுவதால் பயன் இல்லை என்பது இதனால்தான். அந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். வெளியே வைத்திருந்தால் நச்சுக் கிருமி வளரும்.

பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சமாகச் சேருங்கள். சோறு, முட்டை, மீன், கோழி, கேரட், அளவான பீன்ஸ், கத்தரிக்காய், நம் ஊர் ஜவ்வரிசி எல்லாம் தாங்கும். மல்கோவா மாம்பழத்தை மட்டும் இந்தச் சில வாரம் ஒத்திப்போடுங்கள்.

ஏற்காட்டில் இருக்கிறேன். காபியை விட்டுவிட வேண்டுமா?

காபியில் ஃபாட்மேப் இல்லை, ஆனாலும் அது குடலைத் தூண்டும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பொடிப் பொட்டலம். சிக்கரி கலந்திருந்தால் அதில் ஃபிரக்டான் வகைச் சத்து இருக்கும். சிக்கரி இல்லாத தூளை வாங்கி, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை நீக்கிய பாலிலோ, பாலில்லாமலோ ஒரு தம்ளர் குடித்துப் பாருங்கள். தூள், பால், அளவு மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எதனால் குறைந்தது என்று தெரியாமல் போய்விடும்.

நான்கு மாதமாக எல்லாவற்றையும் விலக்கியிருக்கிறேன், வயிறு நன்றாக இருக்கிறது. திரும்பச் சேர்க்கப் பயமாக இருக்கிறது. இப்படியே இருந்துவிடலாமா? (ஆண், சூரமங்கலம்)

வேண்டாம். விலக்குவது 2 முதல் 6 வாரத்துக்குத்தான். குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களில் சிலவற்றுக்கு இந்த ஃபிரக்டானும் பருப்புச் சர்க்கரையும்தான் தீனி. நீண்ட காலம் விலக்கினால் அவை குறையும், நார்ச்சத்தும் குறையும். தவிர, எல்லாமே உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றில்லை. பலருக்கு ஒன்றிரண்டு வகைதான் ஆகாது.

வெங்காயத்தில் தொடங்குங்கள். மற்ற சாப்பாடு இப்போது இருப்பது போலவே இருக்கட்டும். முதல் நாள் வதக்கிய வெங்காயம் ஒரு தேக்கரண்டி, இரண்டாம் நாள் ஒரு மேசைக்கரண்டி, மூன்றாம் நாள் கால் வெங்காயம். லேசான வாயு வந்தால் தொடரலாம். வலி தெளிவாகக் கூடினால் அங்கேயே நிறுத்துங்கள், நிறுத்திய அளவைக் குறித்து வையுங்கள். வயிறு அடங்கியபின் இரண்டு மூன்று நாள் விட்டு அடுத்த பொருள். பூண்டு தனி, கோதுமை தனி. லாக்டோஸுக்குப் பால் கால் தம்ளர், அரை, முழுத் தம்ளர் என்று ஏற்றலாம். பருப்பு வகைக்கு வேகவைத்த கொண்டைக்கடலை, ஒரு மேசைக்கரண்டியிலிருந்து.

இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில். வெங்காயம் ஒத்துக்கொண்டது என்றதும் தினமும் சேர்த்துக்கொண்டு, அப்படியே கோதுமையைச் சோதிக்கிறார்கள். இரண்டும் ஒன்றுசேர்ந்து தொல்லை தரும்போது கோதுமை ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒத்துக்கொண்ட பொருளையும் எல்லாச் சோதனையும் முடியும்வரை ஒதுக்கியே வையுங்கள். ஒரு தேக்கரண்டி தாங்கி, கால் வெங்காயம் தாங்கவில்லை என்றால் அதுதான் உங்கள் அளவு. ஓட்டல் சாம்பாரை ஒரு கரண்டியோடு நிறுத்தினால் போதும் என்று பொருள். சில மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள், தாங்கும் அளவு மாறும்.

ஆறு வாரம் ஒழுங்காக விலக்கியும் மாற்றமே இல்லை.

அப்படியென்றால் உங்கள் தொல்லைக்கு ஃபாட்மேப் காரணமல்ல. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள், மேலும் மேலும் விலக்கிக்கொண்டு போக வேண்டாம். மருத்துவரிடம் மறுபடி பேசுங்கள்.

மருத்துவரைப் பார்க்காமல் நானே தொடங்கலாமா?

கூடாது. மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதை நெருங்கும்போது புதிதாகத் தொடங்கிய தொல்லை, இவற்றில் ஏதாவது இருந்தால் குறிப்பேட்டுக்கு முன் பரிசோதனை. கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும், நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஏற்கெனவே மெலிந்தவர்கள் உணவியல் நிபுணர் துணையின்றி விலக்கத் தொடங்க வேண்டாம்.