கடைசி நாள் மெயிலில் எத்தனை ஆச்சரியக்குறி?

கேள்வி: அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீஸில் கடைசி நாள். எல்லோருக்கும் அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். படித்த நண்பன், ஆச்சரியக்குறி, எமோஜி, கேபிடல் எழுத்து எல்லாமே ஜாஸ்தி என்கிறான். எடுத்துப் பார்த்தால் மெயில் சப்பென்று இருக்கிறது. எவ்வளவு வைக்கலாம்?

பதில்:

உங்கள் நண்பர் சொல்வதும் சரி, உங்களுக்குத் தோன்றியதும் சரி. குறிகளை எடுத்ததும் சப்பென்று ஆகிறதென்றால், அந்த வரிகளில் முதலிலிருந்தே விஷயம் இல்லை, குறிகள்தான் அதை மூடிக்கொண்டிருந்தன. எடுத்துவிட்டு அப்படியே நிறுத்தினால் போதாது. அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும்.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் டீமிலிருந்து ஒரு பெண் கிளம்பினாள். "அக்கா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க" என்று மெயிலைக் காட்டினாள். ஆங்கில மெயில்தான், பொருளைத் தமிழில் சொல்கிறேன். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில்: "இன்று என் கடைசி நாள்!!!" உள்ளே: "அனைவருக்கும் வணக்கம்!! ஆறு வருடம், ஓர் அற்புதமான பயணம்! 🎉🎉🎉 என் டீமுக்கு மிகமிக நன்றி!!! 🙏🙏❤️ உங்களை எல்லாம் ரொம்ப மிஸ் பண்ணுவேன்!! 😭😭 தொடர்பில் இருங்கள்!" இதில் நன்றி சொன்ன வரியும் முழுக்கப் பெரிய எழுத்து. மொத்தம் 12 ஆச்சரியக்குறி, 8 எமோஜி. அனுப்பப்போவது 140 பேருக்கு.

எனக்கு முதலில் உறுத்தியது தலைப்பு. கிளம்புகிறேன் என்ற செய்திக்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி நின்றால், அவளைத் தெரியாதவர்களுக்கு அது "அப்பாடா, விட்டது தொல்லை" என்று கேட்கும். அவளைத் தெரிந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள், அவர்களுக்கு அவள் குரல் காதில் ஒலிக்கும். மீதி 110 பேருக்குக் குறி மட்டும்தான் தெரியும். அதிலும் அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்து டீமில் சிலரை வேலையிலிருந்து எடுத்திருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அந்த 140 பேரில் இருந்தார்கள். பட்டாசு எமோஜி அவர்கள் கண்ணில் எப்படிப் படும் என்று கேட்டேன். அவளே உடனே அழித்துவிட்டாள்.

அந்த 140 பேரில் பார்வை இல்லாத ஒரு சக ஊழியரும் உண்டு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் அவர் மெயில் பார்ப்பார். அது எமோஜியின் பெயரைச் சொல்லும். மூன்று பட்டாசு இருந்தால் பெரும்பாலும் மூன்று முறை சொல்லும். நன்றி என்ற சொல்லைத் தாண்டிப் போவதற்குள் கைகூப்பு, கைகூப்பு, இதயம் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, வயதுக்கு வயது எமோஜியின் அர்த்தம் மாறுகிறது. கண்ணீர் கொட்டும் முகத்தை இப்போதைய இளைஞர்கள் பலர் விழுந்து விழுந்து சிரிப்பதற்குப் போடுகிறார்கள். "மிஸ் பண்ணுவேன்" என்பதற்குப் பக்கத்தில் அது நின்றால் புது ஆட்களுக்குக் கிண்டலாகத் தெரியலாம். எமோஜி வேண்டாம், பழைய மாதிரி `:)` போடுகிறேன் என்றாலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய அவுட்லுக் அதைத் தானாகவே விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரித்த முகமாக மாற்றிவிடும். அந்த எழுத்துரு இல்லாத போனில் பார்த்தால் வாக்கியத்தின் கடைசியில் அனாதையாக ஒரு `J` நிற்கும். எனக்கே அப்படி எத்தனையோ மெயில் வந்திருக்கிறது.

பெரிய எழுத்து விஷயத்தில் நமக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு கிடையாது. ஆங்கிலத்தில் முழுப் பெரிய எழுத்தை நாம் அதிகம் பழகியது பேங்க் சலானிலும் ரயில் முன்பதிவுப் படிவத்திலும்தான். அங்கே அது தெளிவு, ஒழுங்கு. அதனால் நன்றியைப் பெரிய எழுத்தில் போட்டால் மரியாதை கூடும் என்று மனசு சொல்கிறது. ஆனால் மெயிலில் அது கத்தல். 1980களில் கணினியில் கடிதம் எழுதிக்கொண்டவர்களிடையே தொடங்கிய அந்தப் பழக்கம் இன்றுவரை மாறவில்லை. அந்தப் பெண்ணின் மெயிலில் இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் நடந்தது: தலைப்பும் நன்றியும் அத்தனை பெரிதாக நின்றதால், கண்ணில் பட வேண்டிய அவளுடைய சொந்த மெயில் முகவரியும் போன் நம்பரும் கீழே எங்கோ தொலைந்துபோயிருந்தன.

சரி, என்ன செய்தோம்? 12 குறியையும் எடுத்தோம். எந்த வரி காலியாகத் தெரிந்ததோ அதில் ஓர் ஆளையோ ஒரு நாளையோ கொண்டுவந்தோம். "டீமுக்கு மிகமிக நன்றி!!!" என்பதில் மூன்று குறி இருந்தது, ஒரு மனிதர்கூட இல்லை. "யாருக்கு நன்றி, எதுக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சேர்ந்த முதல் வருடம் அவள் தவறாக ஓடவிட்ட ஒரு ஸ்க்ரிப்ட்டால் விடியற்காலை மூன்று மணிவரை சிஸ்டம் நின்றதையும், ஒரு வார்த்தை திட்டாமல் கூடவே உட்கார்ந்து சரிசெய்த இரண்டு பேரையும் சொன்னாள். அதையே எழுதச் சொன்னேன். அந்த வரிக்கு முற்றுப்புள்ளிதான் வைத்தாள், குறைவாகவே தெரியவில்லை. "அற்புதமான பயணம்" போய், "பயிற்சியாளராக வந்தேன், மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று ஆயிற்று. தலைப்பு "விடைபெறுகிறேன்" என்ற சொல்லும் அவள் பெயரும் மட்டும். முகவரியும் நம்பரும் தனி வரிக்கு வந்தன.

கடைசியில் முழுவதையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். கேன்டீனில் தினமும் அவளுக்காக ஒரு வடையை எடுத்து வைத்துவிடும் அண்ணனைப் பற்றிய வரி வந்ததும் அவள் குரல் தானாகவே உயர்ந்தது. அங்கே மட்டும் ஒரு ஆச்சரியக்குறியைத் திரும்ப வைத்தோம். எமோஜி ஒன்றும் இல்லை. நீங்களும் உங்கள் மெயிலில் இதைச் செய்து பாருங்கள். 140 பேர் படிக்கும் மெயிலுக்கு ஒரு குறி, மிஞ்சினால் இரண்டு என்பது என் கணக்கு.

அப்புறம், இதெல்லாம் பெரிய பட்டியலுக்குப் போகும் மெயிலுக்கு மட்டும்தான். உங்கள் டீமின் வாட்ஸப் குழுவில் அழுகிற முகத்தை அள்ளிக் கொட்டுங்கள், அங்கே எல்லோருக்கும் உங்களைத் தெரியும். அங்கே போய் "நன்றி." என்று வெறும் புள்ளி வைத்தால்தான், "என்ன ஆச்சு, கோபமா?" என்று போன் வரும்.

வியாழக்கிழமையே மெயிலை உங்கள் சொந்த முகவரிக்கு ஒரு முறை அனுப்பி, போனிலும் ஆபீஸ் கணினியிலும் திறந்து பாருங்கள். `J` மாதிரி ஏதாவது முளைத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள். சில ஆபீஸ்களில் மாலை ஆவதற்குள் ஐடியை முடக்கிவிடுவார்கள், வருகிற பதில்களை உங்களால் படிக்க முடியாமல் போய்விடும்.