வாரச் சரக்குக்கு எழுதும் கடிதம்: திருச்சி காந்தி மார்க்கெட் வியாபாரியின் பதில்கள்

கேள்வி (சிங்கப்பூரில் உணவகம் நடத்தும் மன்னார்குடிக்காரர்): ஐயா, வாரந்தோறும் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், மசாலாச் சாமான்கள் அனுப்ப என்ன விலை என்று சில மண்டிகளுக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லையே?

பதில்: நாளைய விலை நாளை விடியற்காலையில்தான் தெரியும் என்பதால், விலையை மட்டும் கேட்கும் கடிதத்தை மண்டியில் ஓரமாக வைத்துவிடுவார்கள். எந்தக் கிழமை சரக்கு வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, அங்கே யார் பெயரில் இறங்கும் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். சிங்கப்பூரில் காய்கறி இறக்குமதிக்கு உரிமமும், ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதியும் வேண்டும். உங்களிடம் உரிமம் இல்லையென்றால், உரிமம் உள்ள இறக்குமதியாளரின் பெயரைக் கொடுங்கள். சரக்கு ஆவணங்களில் பெறுபவர் பெயராக அதைத்தான் நாங்கள் எழுத வேண்டும். மல்லி, மிளகாய், மஞ்சளை வாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை கப்பலில் வரவழையுங்கள். கெடாத சாமானுக்கு விமானக் கூலி தண்டம்.

கேள்வி (கும்பகோணத்தில் பார்சல் முகவர்): விமானத்தில் எடைக்குத்தானே கூலி? கிலோவை எழுதினால் போதாதா?

பதில்: வெங்காயத்துக்கு நீங்கள் சொல்வது சரி, முருங்கைக்குச் சரியில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்து வருவதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கூலி வாங்குவார்கள். 75, 40, 40 அளவுள்ள பெட்டியில் 12 கிலோ முருங்கை அடங்குகிறது என்றால், அது 20 கிலோவாகக் கணக்காகும். ஐந்து பெட்டியைத் தனியாக அனுப்பினால் 60 கிலோ காய்க்கு 100 கிலோ கூலி. 40, 30, 30 அளவுப் பெட்டியில் 15 கிலோ வீதம் நான்கு பெட்டி வெங்காயத்தை அதே விமானச் சரக்குச் சீட்டில் சேர்த்தால், உண்மை எடை 120, கன அளவுக் கணக்கு 124. தனித்தனியாக அனுப்பினால் 160-க்குக் கட்ட வேண்டிய இடத்தில் 124-க்குக் கட்டினால் போதும். ஆகவே இரண்டையும் ஒரே நாளுக்குக் கேளுங்கள்.

கேள்வி (திருவையாறு விவசாயி): எங்கள் வாழை இலையை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?

பதில்: ஐயா, இங்கே பேசுவது வாங்குகிறவர் எழுதும் கடிதத்தைப் பற்றி, விலையை மார்க்கெட்டில் நேரில் பேசிக்கொள்வோம். உணவகக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ‘இத்தனை கட்டு’ என்று எழுதாமல், இலையின் நீளத்தையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். கட்டு ஊருக்கு ஊர் மாறும், தகராறு அங்கேதான் தொடங்கும்.

கேள்வி (மன்னார்குடிக்காரர்): வருடம் முழுக்க ஒரே விலை பேசலாமா?

பதில்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முருங்கை வரத்துக் குறைந்து விலை ஏறும்போது, ஒரே விலைக்கு ஒப்புக்கொண்டவர் முற்றல் காயைக் கலந்து அனுப்பத் தொடங்குவார், ஒடித்துப் பார்த்தால் விதை தடித்திருக்கும். அன்றைய மண்டி விலையோடு, தரம் பிரித்துப் பெட்டி கட்டுவதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசுவதே என் வழக்கம். பக்கத்துக் கடைக்காரர் மூன்று மாத விலைதான் இருவருக்கும் நிம்மதி என்கிறார்; வெங்காயத்துக்கு அவர் சொல்வதும் பொருந்தக்கூடும்.