முதல் நாளே ஒகேனக்கல் வேண்டாம்

"வெள்ளி இரவு நாகர்கோவிலில் பஸ் ஏறி, சனிக்கிழமை விடியற்காலை தர்மபுரி வருகிறோம். ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். மாமியாருக்கு 68 வயது, மகனுக்கு 6. இறங்கியதும் ஒகேனக்கல் போய்விடலாம் என்கிறார் கணவர். சரிப்படுமா?"
- ஒரு வாசகி, நாகர்கோவில்

வேண்டாம் சகோதரி, ஒகேனக்கல்லை ஞாயிற்றுக்குத் தள்ளுங்கள். பென்னாகரம் தாண்டினால் மலைப்பாதை வளைவுகள். இரவெல்லாம் சரியாகத் தூங்காத பிள்ளைக்கு அங்கேதான் வாந்தி வரும். பாறை வெயிலில் அலைந்துவிட்டு, திரும்பும் வண்டியில் நாலு மணிக்கு எல்லோரும் தூங்குவீர்கள். அப்புறம் ராத்திரி பையன் கொட்டக்கொட்ட விழித்திருப்பான், ஞாயிறும் கெட்டுவிடும்.

முதலில் லாட்ஜைக் கவனியுங்கள். போன் செய்யும்போது வாடகையைக் கேட்கும் முன், "உங்களிடம் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?" என்று கேளுங்கள். 12 மணிக் கணக்கு என்றால், காலை 5 மணிக்கு அறை வேண்டுமானால் பெரும்பாலும் வெள்ளி இரவுக்கும் வாடகை கேட்பார்கள். அதையும் சேர்த்து இரண்டு வாடகை கொடுத்த பிறகும், ஞாயிறு பகல் 12-க்குக் காலி செய்தாக வேண்டும். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டா அருவிக்குப் போவது? 24 மணி நேரக் கணக்கில் அதே இரண்டு வாடகைக்கு திங்கள் காலை 5 மணி வரை அறை உங்களுடையது. ஞாயிறு மாலை வந்து குளித்து, மாமியார் சற்றுப் படுத்து எழுந்து பஸ் ஏறலாம். விடியற்காலையில் வருவதையும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பெங்களூரு போகும் பஸ்கள் பல ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிடும். எங்கே இறங்குவது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொண்டால் இருட்டில் ஆட்டோ தேடி அலைய வேண்டாம்.

அறைக்குப் போனதும் வெந்நீரில் குளித்து, திரையை இழுத்துவிட்டுப் படுங்கள். இரவெல்லாம் உட்கார்ந்தே வந்ததில் மாமியாருக்குக் கால் வீங்கியிருக்கும். அறையிலேயே நாலு நடை நடக்கச் சொல்லி, படுக்கும்போது காலுக்கு இரண்டு தலையணை வையுங்கள். இரண்டு கால் வீக்கமும் மதியத்துக்குள் வடிய வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் தூக்கத்துக்காக டிபனைத் தள்ளிப்போடாதீர்கள், எட்டரைக்கு இட்லி வாங்கி வந்து எழுப்புங்கள். மற்றவர்களும் ஒன்பதரைக்கு மேல் தூங்க வேண்டாம். மதியம் சாப்பிட்டபின் அரை மணி நேரம் கண் அயரலாம். அதற்கு மேல் போனால் ராத்திரித் தூக்கத்தில் கை வைக்கும்.

ஐந்து மணிக்கு மேல் ஊருக்குள்ளேயே கோட்டைக் கோயிலுக்குப் போய் வாருங்கள். தொங்கும் தூணின் அடியில் துணியை நுழைத்து இழுப்பது பையனுக்குப் பிடிக்கும். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலும் பக்கம்தான். ஆனால் தேய்பிறை அஷ்டமியாக இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், கூட்டத்தில் மாமியார் நிற்க முடியாது.

ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் பரிசல் துறையில் இருப்பீர்கள். காவிரியில் தண்ணீர் அதிகம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். சனிக்கிழமை மாலையே லாட்ஜில் விசாரித்துவிடுங்கள்.