ஏழு வருடம் எந்த நாளிலிருந்து?

கேள்வி: என் மாமா காணாமல் போய் ஆறரை வருடம் ஆகிறது. 7 வருடம் முடிந்தால் சட்டப்படி இறந்தவர் என்கிறார்களே, அப்போது இறப்புச் சான்றிதழ் தானாகக் கிடைத்துவிடுமா? அதன் பிறகு அவர் திரும்பி வந்துவிட்டால் என்ன ஆகும்?

தானாகக் கிடைக்காது. ஏழு வருடம் முடிந்த மறுநாள் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் நின்றால் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். நான் பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் இருபது வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன், வீடு காசிமேட்டில். இந்த ஏழு வருடக் கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டு அலைந்தவர்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாட்சியச் சட்டத்தில் இதற்கு அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் உண்டு. பழைய சட்டத்தில் 107, 108. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 110, 111. கடந்த 30 வருடத்துக்குள் உயிரோடு இருந்தார் என்று தெரிந்த ஒருவரை யாராவது இறந்துவிட்டார் என்று சொன்னால், சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது முதல் பிரிவு. அதாவது ஆள் உயிரோடு இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த பிரிவு இதைத் திருப்பிப் போடுகிறது. அவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு வருடமாக ஒரு தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர் அதை நிரூபிக்கட்டும் என்கிறது. இதைத்தான் சட்டத்தில் மறுக்கத்தக்க அனுமானம் என்பார்கள். யாருக்கும் உண்மை தெரியாத இடத்தில், நிரூபிக்க வேண்டிய பொறுப்பு யார் தலையில் என்று மட்டும் சட்டம் முடிவு செய்கிறது. எதிர்த்தரப்பு நம்பத்தகுந்த ஓர் ஆதாரத்தைக் காட்டினால், அவர் வங்கியில் பணம் எடுத்தார் என்றோ, இன்னாரோடு பேசினார் என்றோ நிறுவினால், அனுமானம் அங்கேயே விழுந்துவிடும்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர். வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக். 2012 மார்ச்சில் கடன் தகராறில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. ஸ்டேஷனில் முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்தார்கள். மூன்று மாதம் நடையாய் நடந்த பிறகுதான் "மேன் மிஸ்ஸிங்" என்று எஃப்ஐஆர் போட்டார்கள். ரசீது இருக்கிறதே என்று விட்டிருந்தால் பின்னால் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பார். தேடினோம், கிடைக்கவில்லை என்ற போலீஸ் அறிக்கை அந்த எஃப்ஐஆரை வைத்துத்தான் வரும், கோர்ட்டில் முதலில் கேட்பதும் அதைத்தான்.

2019 ஏப்ரலில் சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். மார்ச்சிலிருந்து மார்ச், ஏழு வருடம் முடிந்துவிட்டது என்று நாங்களும் நினைத்தோம். இன்சூரன்ஸ் பணம் வர வேண்டியிருந்ததால் அந்த நிறுவனத்தையும் எதிர்வாதியாகச் சேர்த்திருந்தோம். நாத்தனாரைச் சாட்சியாக ஏற்றினோம். நிறுவனத்தின் வக்கீல் எழுந்து சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "உங்க அண்ணன் கடைசியா உங்ககிட்ட எப்பம்மா பேசினாரு?" அந்தப் பெண் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். பிறகு, "அந்த வருஷம் ஆயுத பூஜை அன்னிக்கு, விசாகப்பட்டினத்துலேர்ந்து பேசினாருங்க. அண்ணிகிட்ட சொல்லாதேன்னு சொன்னாரு" என்றார். அந்த அக்கா அதை முதல் தடவையாகக் கேட்டது கோர்ட் ஹாலில்தான். அவர் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

2012 ஆயுத பூஜை அக்டோபர் 23. அப்படியென்றால் ஏழு வருடம் முடிவது 2019 அக்டோபரில். நாங்கள் வழக்குப் போட்ட நாளில் ஆறு மாதம் பாக்கி. எல்ஐசி எதிர் அனுராதா வழக்கில் 2004ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: 6 வருடம் 364 நாள் ஆகியிருந்தால்கூட இந்த அனுமானம் எழாது. அனுமதி கேட்டு வழக்கை வாபஸ் வாங்கினோம், 2020ல் புதிதாகப் போட்டோம், 2022ல் தீர்ப்பு வந்தது. ஆகவே வீட்டை விட்டுப் போன தேதியையோ எஃப்ஐஆர் தேதியையோ வைத்து எண்ணாதீர்கள். கடைசியாக யாருக்காவது தகவல் வந்த தேதிதான் கணக்கு. உங்கள் மாமாவின் அம்மா, கூடப் பிறந்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவரையும் இப்போதே உட்கார வைத்துக் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

அந்த அக்காவுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. இதை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஏழு வருடத் தகவலின்மையிலிருந்து ஆள் இல்லை என்று மட்டும்தான் கோர்ட் அனுமானிக்கும். எந்தத் தேதியில் இறந்தார் என்பதற்கு அனுமானமே கிடையாது. காணாமல் போன அன்றே இறந்துவிட்டார் என்று நீங்கள் சொன்னால், அதை நீங்கள்தான் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். இதுவும் அதே அனுராதா தீர்ப்புதான். அந்த வீட்டுக்காரர் பெயரில் 2006ல் எடுத்த 20 வருட பாலிசி இருந்தது, 2 லட்சத்துக்கு. ஆறு வருடம் கட்டியிருந்தார்கள். ஆள் போனதும் பிரீமியமும் நின்றுவிட்டது, பாலிசி காலாவதியானது. பிரீமியம் நிற்பதற்கு முன்பே இறந்தார் என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அதனால் கட்டிய காலத்துக்கு உரிய பங்கு, 20ல் 6, அதாவது 60,000 ரூபாயும் அதுவரை சேர்ந்த போனசும்தான் கைக்கு வந்தது. பிரீமியத்தை நிறுத்தாமல் கட்டியிருந்தால் முழு 2 லட்சமும் வந்திருக்கும். சமையல் வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? உங்கள் மாமா பெயரில் பாலிசி உயிரோடு இருந்தால், எப்பாடு பட்டாவது தொடர்ந்து கட்டுங்கள்.

கடலில் போனவர்கள் விஷயம் வேறு. படகு கவிழ்ந்தது, கூட இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள், உடல் மட்டும் கிடைக்கவில்லை என்றால் ஏழு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே அனுமானமே தேவைப்படாது. பார்த்தவர்களின் சாட்சியத்தை வைத்தே, இன்ன தேதியில் இறந்தார் என்று கோர்ட்டில் நிரூபிக்கலாம். எங்கள் பக்கத்தில் சில குடும்பங்கள் இது தெரியாமல் ஏழு வருடம் சும்மா இருந்துவிட்டன.

சரி, திரும்பி வந்துவிட்டால்? ஆள் நேரில் நிற்பதை விடப் பெரிய ஆதாரம் இல்லை. அனுமானம் போய்விடும், தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி அவர் கேட்கலாம். சொத்து, பணம் எல்லாம் மறுபடி வழக்காகும். கல்யாண விஷயத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். ஏழு வருடம் தகவலே இல்லாமல், அந்த விவரத்தைப் புது மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லி மறுமணம் செய்தால் அத்தைமேல் இருதார மணக் குற்றம் வராது. ஆனால் மாமா உயிரோடு இருப்பது பின்னால் தெரிந்தால் அந்த மறுமணம் செல்லாததாகிவிடலாம். இந்து திருமணச் சட்டம் 13(1)(vii)ல், ஏழு வருடம் தகவல் இல்லாததையே காரணமாக வைத்து விவாகரத்து கேட்க வழி இருக்கிறது. அத்தைக்கு மறுமண எண்ணம் இருந்தால் அந்தத் தீர்ப்பை முதலில் வாங்கச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால், மாமா நாளைக்கே வாசலில் வந்து நின்றாலும் அத்தையின் புது வாழ்க்கைக்குச் சட்டப்படி பங்கம் வராது.