விசிட் விசாவில் போகச் சொல்கிறார் ஏஜென்ட்: ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பிக்கு

"அண்ணா, நான் எட்டாவது வரைதான் படிச்சிருக்கேன், ஈசிஆர் பாஸ்போர்ட். துபாயில் கட்டட வேலை. எமிகிரேஷன் கிளியரன்ஸ், ஒரு நாள் ட்ரெய்னிங் எல்லாம் வீண் அலைச்சல், விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்றார். சென்னை ஏர்போர்ட்டில் பிரச்சினை வருமா? லக்கேஜ் எவ்வளவு விடுவாங்க, ரூம், சாப்பாடு எப்படி இருக்கும்?"

தம்பி, ரூமும் சாப்பாடும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போன பிறகு தெரிந்துகொள்ளலாம். கிளியரன்ஸ் விஷயத்தைப் போவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அதைப் பற்றித்தான் விரிவாக எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி இந்திய அரசிடம் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் "எனக்கு யாரும் எதுவும் கேட்கலையே" என்று உங்களிடம் சொல்வார்கள். அவர்கள் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சுற்றுலாவாகவோ சொந்தக்காரரைப் பார்க்கவோ போகிற ஈசிஆர்காரருக்கு 2007-இலிருந்து கிளியரன்ஸ் தேவையில்லை. விசாவும் திரும்பி வரும் டிக்கெட்டும் இருந்தால் போதும். அந்த வழியைத்தான் ஏஜென்ட்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் நீங்கள் போவது வேலைக்கு. கவுன்டரில் இருக்கும் அதிகாரிக்கும் அது தெரியும்.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பாஸ்போர்ட்டை வாங்கியதும் ஈசிஆர் என்பது அவர் கண்ணில் படும். எதற்குப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், ஊரில் என்ன வேலை, லீவு யார் கொடுத்தார்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். ஏஜென்ட் கொடுத்த ஹோட்டல் புக்கிங்கை நீட்டுவீர்கள். அது பெரும்பாலும் பணம் கட்டாத புக்கிங், நீங்கள் ஏறியதும் கேன்சல் ஆகிவிடும். ஹோட்டல் எந்த ஏரியாவில் இருக்கிறது என்று கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. சில ஏஜென்ட்கள் கையில் இரண்டு விசாத் தாள் கொடுப்பார்கள். விசிட் விசாவை இங்கே காட்டு, வேலை விசாவைப் பைக்குள் மடித்து வை, இறங்கியதும் அதை எடு என்பார்கள். சந்தேகம் வந்தால் பையைப் பார்ப்பார்கள், போனையும் கேட்பார்கள். ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்தியில் சம்பளம் வரைக்கும் எழுதியிருக்கும். அப்புறம் ஆஃப்லோடுதான். செக்-இன் செய்த பெட்டியை இறக்கிவிடுவார்கள், டிக்கெட் காசு போகும். இமிகிரேஷனில் செட்டிங் இருக்கிறது என்று சொன்ன ஏஜென்ட், "நீ சரியாப் பேசலை" என்று பழியை உங்கள் மேல் போட்டு இன்னொரு டிக்கெட்டுக்குப் பணம் கேட்பார்.

ஆஃப்லோடு ஆனால் பணத்தோடு போயிற்று. தாண்டிப் போய்விட்டவர்கள் படும் பாட்டை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அமீரகத்தில் விசிட் விசாவை உள்ளிருந்தபடியே வேலை விசாவாக மாற்ற முடியும், அது பொய்யில்லை. ஆனால் மாறும்வரை வேலை செய்வது சட்டவிரோதம். மாற்றித் தருகிறேன் என்ற முதலாளி இழுத்தடித்தால், விசா தேதி முடிந்தபின் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் உங்கள் பெயரில் ஏறும்.

எங்கள் கேம்ப்பில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான், தஞ்சாவூர்ப் பக்கம். விசிட் விசாவில் வந்து, அடுத்த வாரம் விசா அடித்துவிடுவார்கள் என்ற பேச்சை நம்பிச் சைட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. அவன் எங்கள் ஆளே இல்லை என்று கம்பெனி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. கையில் காட்ட ஒரு தாள் கிடையாது. கிளியரன்ஸ் வாங்கி வந்திருந்தால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இன்ஷூரன்ஸ் அவன் பெயரில் இருந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். இடையில் முதலாளி மாறினாலும் அது செல்லும். அந்தப் பையனுக்கு அதுவும் இல்லை. துணைத் தூதரகத்தின் நல நிதியிலிருந்து டிக்கெட் போட்டு, மீதியைக் கேம்ப்பில் எல்லோரும் போட்டு, படுத்த நிலையிலேயே ஊருக்கு அனுப்பினோம்.

கிளியரன்ஸின் உண்மையான பலன் இன்னொன்று. உங்கள் முதலாளி யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்பது நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே இந்திய அரசின் பதிவில் ஏறிவிடுகிறது. அதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். நான் துபாய் வந்தது 2004-இல். அப்போது ஆன்லைன் எல்லாம் இல்லை. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் 600 திர்ஹம் என்றிருந்தது. இங்கே இறங்கியதும், கட்டில்கூட ஒதுக்காமல், அரபியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடு என்றார்கள். அதில் 450. ஊரிலிருந்து வந்த கூட்டத்தில் பாதிப்பேர் போட்டுவிட்டார்கள். முத்திரை குத்திய ஒப்பந்தத்தின் நகல் என் பெட்டியின் அடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வியாழன் அரைநாள் கேட்டு துணைத் தூதரகத்துக்குப் போனேன். அவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். அந்த மாதம் முறைத்தார்கள், அடுத்த மாதத்திலிருந்து 600 வந்தது. அந்தத் தாளை நான் இன்னமும் வைத்திருக்கிறேன்.

இப்போது இதெல்லாம் emigrate.gov.in தளத்தில் நடக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் அல்லது பதிவு செய்த முதலாளி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். பாதுகாவலர் அலுவலகம் அனுமதி கொடுத்ததும் அது கம்ப்யூட்டரில் ஏறிவிடும், விமான நிலைய அதிகாரி அதை அங்கேயே பார்த்துக்கொள்வார். முறையாகப் போகிறவருக்கு அந்தக் கவுன்டரில் பயப்பட ஒன்றுமில்லை. பதிவில் இருக்கும் பாஸ்போர்ட் எண்ணும் பெயரும் விசாவில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று நீங்களே முன்கூட்டிச் சரிபாருங்கள். நடுவில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் ஏஜென்டிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அதே தளத்தில் பார்க்கலாம். பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ரத்தான பதிவை ஆபீஸ் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. ஊருக்குள் பைக்கில் வந்து பாஸ்போர்ட் சேகரிக்கும் சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீது கேளுங்கள். ஒன்றரை லட்சம் கேட்டுவிட்டு ரசீது தர மறுப்பவர் கிளியரன்ஸை ஏன் வீண் அலைச்சல் என்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும். அவர் பெயர் எந்தப் பதிவிலும் வரக்கூடாது, அவ்வளவுதான். வீட்டில் பெண்கள் யாராவது இப்படிப் போக நினைத்தால் விதி இன்னும் கடுமை. ஈசிஆர் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும், தனியார் ஏஜென்ட் வழியாகப் போகவும் முடியாது. தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுக வேண்டும்.

புறப்படுவதற்கு முன் தரும் ட்ரெய்னிங் ஒரே நாள், காசு கிடையாது. "நீ வர வேண்டாம், சர்ட்டிபிகேட் நான் வாங்கித் தரேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சொல்லித் தருவது இறங்கிய முதல் வாரத்திலேயே தேவைப்படும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது என்பது அந்த வகுப்பில்தான் பலருக்கு முதல்முறை தெரிகிறது. இன்னொன்றையும் சொல்கிறேன். அமீரகத்தில் வேலை வாய்ப்புக் கடிதத்தை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது. அந்த மொழிகளில் தமிழும் உண்டு. தமிழில் கொடு என்று கேட்டு, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எனக்கு அந்த வசதி இல்லை. இந்தியும் கொஞ்சம் அரபியும் சைட்டில் நின்றே கற்றுக்கொண்டேன், இன்றைக்கு ஃபோர்மேனோடு வாதாடும் அளவுக்குப் பேசுகிறேன்.

இந்த விஷயத்தில் பிலிப்பைன்ஸ்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் அரசும் புறப்படுவதற்கு முன் வகுப்பு வைக்கிறது, ஓஈசி என்ற சான்று இல்லாமல் வேலைக்குப் போகிறவரை விமானம் ஏற விடாது. இலங்கையிலிருந்து வரும் நம் தமிழர்களும் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர்கள் விதியைத் திட்டுவார்கள், ஆனால் தாளைத் தயாராக வைத்திருப்பார்கள். நம் ஆட்களில் இங்கே நாலு காசு பார்த்தவர்கள்தான் ஊருக்குப் போய் "விசிட்டில் ஏறி வா, நான் பார்த்துக்கறேன்" என்று சின்னப் பையன்களைக் கிளப்பிவிடுகிறார்கள். பிரச்சினை என்று போன் செய்தால் அவர்கள் எடுப்பதில்லை. துபாயில் சிக்கிக்கொண்டால் 800 46342 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், இந்தியத் துணைத் தூதரகத்தின் தொழிலாளர் உதவி மையம் அது. கட்டணம் கிடையாது.

லக்கேஜ் அளவு உங்கள் டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். அம்மா பெட்டியில் கசகசா வைத்தால் எடுத்துவிடுங்கள், அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். மாத்திரைகள் கொண்டு போனால் டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும். ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ், ட்ரெய்னிங் சர்ட்டிபிகேட் மூன்றிலும் ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் கைப்பையில். பெட்டியில் போடாதீர்கள், கவுன்டருக்கு வரும்போது அது விமானத்துக்குப் போயிருக்கும்.