பவளம் ஏன் வெளுக்கிறது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

பல ஆண்டுகள் பவளத்திட்டுகளில் மூழ்கி, கட்டம் போட்டு உயிருள்ளதையும் செத்ததையும் எண்ணியவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியை: பவளம் பாறையா, செடியா, பூச்சியா? பிள்ளைகள் கேட்டால் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

விலங்கு என்று தயங்காமல் சொல்லுங்கள். பாலிப் என்கிற அந்த உயிர் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு பை, மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி கொட்டும் விரல்கள், அவ்வளவுதான் உடம்பு. பாறையாகத் தெரிவது அது தனக்குக் கீழே கட்டிக்கொண்ட வீடு.

கட்டும் விதம்தான் எனக்கு இன்னும் வியப்பு. பாலிப்பின் அடித்தோலுக்கும் பழைய சுண்ணாம்புக்கும் நடுவே மெல்லிய ஓர் இடைவெளி, அதில் கொஞ்சம் நீர். அந்த நீருக்குள் பாலிப் கால்சியத்தைத் தள்ளுகிறது, அதிலிருந்து அமிலத்தை வெளியே இறைக்கிறது. அமிலம் குறையக் குறைய அங்கே கால்சியம் கார்பனேட் ஊசி ஊசியாகப் படிகிறது. வீடு உயர்ந்ததும் பாலிப் தன்னை மேலே தூக்கிக்கொண்டு, காலடியில் புதுத் தளம் போடுகிறது. உயிர் இருப்பது மேலே உள்ள மெல்லிய அடுக்கில் மட்டும்தான். உருண்டைப் பாறை போல வளரும் போரைட்டிஸ் பவளம் ஆண்டுக்கு சுமார் 1 செ.மீ. உயரும். ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றைப் பார்த்தால், அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் வயது இருக்கும். பசிபிக் கடலில் எனிவெட்டாக் தீவில் 1952-இல் துளை போட்டபோது, அடியில் இருந்த எரிமலைப் பாறையைத் தொட 1,200 மீட்டருக்கும் மேல் சுண்ணாம்பைத் துளைக்க வேண்டியிருந்தது.

இந்த இறைப்பு வேலைக்கு நிறைய சக்தி வேண்டும். பிடித்துத் தின்னும் நுண்ணுயிர்கள் அதற்குப் போதாது. பாலிப்பின் செல்களுக்குள்ளேயே ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது, நகக்கண் அளவு இடத்தில் பத்து லட்சம் வரைகூட இருக்கும். அது வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பாலிப்புக்குக் கொடுக்கிறது. பாலிப் தன் கழிவில் உள்ள நைட்ரஜனையும் கரியமில வாயுவையும் பாசிக்குக் கொடுக்கிறது. அந்தப் பழுப்பு நிறமும் பாசியுடையதுதான்.

வேதியியல் படித்தவர்: கரியமில வாயு கரைந்து கடல் அமிலமாகிறது, அது சுண்ணாம்பை அரிக்கிறது. அதனால்தான் வெள்ளையாகிறது, சரிதானே?

முதல் பாதி சரி. அமிலத்தன்மை கூடினால் பாலிப் கூடுதலாக இறைக்க வேண்டும், கட்டுமானம் மெதுவாகும், வீடு நொய்ந்துபோகும். ஆனால் வெளுப்பு வேறு கதை. அங்கே சுண்ணாம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. நிறம் கொடுத்த பாசி போய்விடுவதால், கண்ணாடி போன்ற சதை வழியாக உள்ளே எப்போதும் இருந்த வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது.

பாசி போவதற்குக் காரணம் வெப்பமும் வெளிச்சமும் சேர்ந்தது. பாசியின் உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கும் அமைப்பு நல்ல நாளிலும் பழுதாகிக்கொண்டே இருக்கும், பாசி அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். நீர் சூடானால் பழுது பார்க்கும் வேலை பின்தங்குகிறது, வெயிலோ நிற்பதில்லை. பிடித்த வெளிச்சத்தைச் சர்க்கரையாக்க வழியில்லாமல், அந்தச் சக்தி ஆக்சிஜனை நச்சாக மாற்றுகிறது. அந்த நச்சு பாலிப்பின் செல்லுக்குள் கசிகிறது. அப்புறம் பாலிப் பாசியை வாய் வழியாகத் துப்புகிறது, சிலதை உள்ளேயே செரித்துவிடுகிறது, சில நேரம் பாசியோடு சேர்த்துத் தன் செல்லையே கழற்றி விடுகிறது.

தொட்டியில் பவளம் வளர்ப்பவர்: என் தொட்டி 26 டிகிரியைத் தாண்டவே இல்லை. விளக்கை மாற்றிய நாலாம் நாள் ஒரு பவளம் வெளுத்துவிட்டது. எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். மேலே சொன்ன பழுது வெளிச்சத்தாலும் வரும். புது விளக்கு பழையதைவிடக் கடுமையாக இருந்திருக்கும். முதலில் சதை இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் சிறு விளக்கடித்தால், உயிருள்ளதில் ஒளி ஊடுருவும் விரல்கள் நீட்டியிருக்கும், மேல்பரப்பு வழவழப்பாகத் தெரியும். செத்ததில் பாலிப்புகள் உட்கார்ந்திருந்த சுண்ணாம்புக் கிண்ணங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரியும், சில நாளில் பச்சைப் பாசி படரும். சதை உரிந்து நூலாகத் தொங்கினால் அது வெளுப்பு அல்ல, வேறு நோய். உயிர் இருந்தால் விளக்கைக் குறைத்து, சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். இரவில் சிறிய இரை கொடுங்கள், இப்போது அது பட்டினியில் இருக்கிறது.

பள்ளி ஆசிரியை: மறுபடியும் நான்தான். ஒரே ஒரு டிகிரி கூடினால் போதும் என்கிறார்கள். காலைக்கும் மாலைக்குமே அவ்வளவு மாறுமே?

ஒரு நாள் சூடு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எத்தனை வாரம் நீடிக்கிறது என்பதுதான் கணக்கு. ஓர் இடத்தில் வழக்கமாக மிகச் சூடான மாதத்தின் சராசரி 28.5 டிகிரி என்று வையுங்கள். அதைவிட 1 டிகிரியாவது கூடிய வாரங்களில் எத்தனை டிகிரி கூடியது என்பதை மட்டும், கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டுவார்கள். முதல் வாரம் 29.3 என்றால் கூடியது 0.8, சேராது. அடுத்த வாரம் 29.5, அது 1. பிறகு இரண்டு வாரம் 30, சேர்த்து 3. பிறகு இரண்டு வாரம் 30.5, அது 4. மொத்தம் 8. அமெரிக்காவின் நோவா அமைப்பு செயற்கைக்கோள் அளவுகளை வைத்து இப்படித்தான் எச்சரிக்கை தருகிறது. 4 ஆனால் பரவலான வெளுப்பை எதிர்பார்க்கலாம், 8 ஆனால் சாவையும்.

2016-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் வட பகுதிதான் அதிகம் வெந்தது. தெற்கே, வின்ஸ்டன் புயலின் மிச்சம் மேகமும் மழையும் கொண்டுவந்து நீரைக் குளிர்வித்ததால் அங்கே பெரும்பாலும் தப்பியது. அந்த ஆண்டில் மொத்தத் திட்டின் ஆழமற்ற பகுதியில் சுமார் 30 சதவீதப் பவளம் போனது. இன்னொன்றும் தெரிந்தது. மிகச் சூடான இடங்களில் பவளங்கள் பட்டினி கிடந்து சாகும் வரைகூடக் காத்திருக்கவில்லை, சில வாரங்களிலேயே வெப்பத்தாலேயே செத்தன.

முக்குளிப்பவர்: போன கோடையில் நான் பார்த்த திட்டில் வெள்ளையே இல்லை. ஊதா, நீலம், இளஞ்சிவப்பு என்று பளபளத்தது. அது நல்ல அறிகுறிதானே?

இல்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. பாசி குறையும்போது வெள்ளை எலும்புக்கூட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சதைக்குள் பெருகும். அதைத் தடுக்கச் சில பவளங்கள் வண்ணப் பொருளைக் கூடுதலாகச் சுரக்கின்றன. பாசியின் பழுப்பு மறைக்காததால் அது அப்படி மின்னுகிறது. அதுவும் வெளுப்புதான். ஒரே ஆறுதல், சூடு மிதமாகவோ சிறிது காலமாகவோ இருந்தால்தான் இது பெரும்பாலும் வரும். சீக்கிரம் குளிர்ந்திருந்தால், மிச்சமிருக்கும் பாசி பெருகிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய நிறம் வந்திருக்கும். முட்டையிடுவது மட்டும் அடுத்த ஆண்டிலும் குறைவாக இருக்கலாம். முடிந்தால் அதே இடத்தை மறுபடி போய்ப் படமெடுங்கள்.

வேதியியல் படித்தவர்: பாலிப் துப்புகிறது என்கிறீர்கள். பாசியே ஓடிப்போகவில்லை என்று எப்படித் தெரியும்? சூடு தாங்கும் பாசியை ஏன் அது சேர்த்துக்கொள்ளவில்லை?

இரண்டாவதற்கு முதலில். டுருஸ்டினியம் என்றொரு வகைப் பாசி உண்டு. அது இருந்தால் பவளம் 1 முதல் 1.5 டிகிரி வரை கூடுதலாகத் தாங்கும். ஆனால் அது சர்க்கரையைக் குறைவாகத்தான் கொடுக்கிறது, வளர்ச்சி குறையும். தவிர, பல பவளங்கள் தங்கள் பழைய பாசியை விட்டு எளிதில் மாறுவதில்லை.

முதல் கேள்வி இன்னும் தீரவில்லை. நச்சுதான் தொடக்கம் என்று மேலே எழுதினேன், பலரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் வெளுப்பதற்கு முன்பே கொடுக்கல் வாங்கல் கெட்டுவிடுகிறது என்று காட்டும் ஆய்வுகளும் வந்திருக்கின்றன. சூட்டில் பாலிப்புக்குச் செலவு கூடுகிறது, அது தன் புரதத்தையே எரிக்கிறது, அதிலிருந்து வரும் நைட்ரஜனை வைத்துப் பாசி தன் வளர்ச்சிக்கே சர்க்கரையை வைத்துக்கொள்கிறது. அப்படியென்றால் வெளியேற்றப்படுவதற்கு முன்பே பாசி சோறு போடுவதை நிறுத்திவிட்டது. இரண்டும் ஒரே பவளத்தில் முன்னும் பின்னுமாக நடக்கலாம் என்பது என் எண்ணம். எது முதலில் என்பது பவளத்துக்குப் பவளம் மாறும் என்றே தோன்றுகிறது.