லாபப் பங்கு கேட்டு பார்ட்னருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

"நண்பனோடு பார்ட்னர்ஷிப்பில் இருக்கிறேன், எனக்கு 40 சதவீதம். கடையை அவன்தான் பார்க்கிறான். வருஷக் கணக்கு முடிந்தும் என் பங்கு வரவில்லை. எழுத்தில் எப்படிக் கேட்பது?"

ஆடிட்டர் அலுவலகத்தில் இந்த மாதிரிக் கடிதங்களை நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் அதில் கோபம்தான் இருக்கும், கணக்கு இருக்காது. "நல்லா வியாபாரம் நடந்துச்சே, என் 40 எங்கே" என்று எழுதினால், விற்பனை வேறு லாபம் வேறு என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

முதலில் பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப் பத்திரமான டீடை எடுத்து, எந்த லாபத்தில் 40 என்று பாருங்கள். வழக்கமாக மூலதன வட்டியும் வேலை பார்க்கும் பார்ட்னரின் சம்பளமும் வரியும் போக மிச்சத்தில்தான். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

"1.4.2025 முதல் 31.3.2026 வரையிலான கணக்குப்படி, நம் இருவரின் மூலதன வட்டிக்கும் உங்கள் சம்பளத்துக்கும் முன் லாபம் ரூ.18,40,000. டீடுப்படி வட்டி (12%) ரூ.1,80,000, உங்கள் சம்பளம் ரூ.3,60,000 கழித்தால் ரூ.13,00,000. வருமான வரி 31.2% போக ரூ.8,94,400. இதில் என் 40% ரூ.3,57,760. என் மூலதன வட்டி ரூ.60,000 சேர்த்து, இடையில் நான் எடுத்த ரூ.1,20,000 கழித்தால் வர வேண்டியது ரூ.2,97,760."

இடையில் எடுத்த பணத்தை நீங்களே கழித்துக் காட்டுங்கள், இது ரொம்ப முக்கியம். அதை விட்டுவிட்டால் அவர் அதையே பிடித்துக்கொள்வார், மற்ற கணக்கெல்லாம் பேச்சிலேயே வராது. இப்படி வரி வரியாக வைத்தால் எந்த வரி தப்பு என்று அவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். வட்டியில் மட்டும் 10% டிடிஎஸ் பிடிப்பார்கள், அதாவது ரூ.6,000, லாபப் பங்கில் பிடிக்கக் கூடாது, அது உங்கள் கையில் வரி விலக்கு உள்ள பணம்.

கணக்கே காட்டவில்லை என்றால் தொகையை ஊகித்து எழுதாதீர்கள். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் 12ஆம் பிரிவு, கடைப் பக்கமே போகாத பார்ட்னருக்கும் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உரிமை தருகிறது. அதைச் சொல்லி உங்கள் மூலதனக் கணக்கின் லெட்ஜர் நகலைத் தேதி போட்டுக் கேளுங்கள்.

"லாபம் இருக்கு, கையில் காசு இல்லை" என்று அவன் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், பணம் கடன் பாக்கியிலும் சரக்கிலும் நிற்கும். அப்போது பாக்கிப் பட்டியலைக் கேளுங்கள், தவணைத் தேதிகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், ஃபர்ம் பதிவாகியிருக்கிறதா? பதிவில்லாத ஃபர்மில், தொழில் நடந்துகொண்டிருக்கும்போது பங்கு கேட்டு வழக்குப் போட 69ஆம் பிரிவு விடாது; ஃபர்மைக் கலைத்துக் கணக்குக் கேட்கத்தான் வழி. பதிவு விண்ணப்பத்தில் எல்லா பார்ட்னரும் கையெழுத்திட வேண்டும், அதனால் இன்னும் பதியவில்லை என்றால் கடிதம் கொடுக்கும் முன்பே அவனிடம் கையெழுத்து வாங்கிப் பதிந்துவிடுங்கள்.